பணவீக்கத்தை வரைந்து விளக்கும் வெண்பலகைக் காணொளி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பணவீக்கம் பற்றி ஒரு மூன்று நிமிட வெண்பலகைக் காணொளிக்கு ஸ்கிரிப்ட் எழுதி, குரல் பதிவு செய்து, படமும் வரைந்து முடித்த பிறகு, எங்கோ பிசகியிருக்கிறது என்று தெரிந்தும் அது எங்கே என்று சொல்லத் தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருமங்கலம் பக்கத்திலுள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்களில் போட்டுக் காட்டுவதற்காக நான் தயாரித்த ஒரு காணொளியை மூன்று முறை திருத்தி எழுத வேண்டியிருந்தது. கீழே வரும் எடுத்துக்காட்டுகள் அனைத்தும் அந்தத் திருத்தங்களிலிருந்து எடுத்தவை.

நான் வேலை செய்யும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். மேசையில் ஒரு ஏ3 தாள், அதற்கு நேர் மேலே தாங்கியில் பொருத்திய கைப்பேசி, ஒரு கறுப்பு மார்க்கர், ஒரு சிவப்பு மார்க்கர் ஆகியவையே கருவிகள். குரலை முதலில் பதிவு செய்கிறேன். பிறகு வரைந்து, அந்தக் காட்சியைக் குரலின் நீளத்துக்கு ஏற்ப வேகப்படுத்துகிறேன். ஸ்கிரிப்ட் ஒரு அட்டவணைபோல நேரம், குரல், படம் என்று மூன்று பத்திகளாக இருக்கும். கையால் வரையாமல் மென்பொருளில் செய்பவர்களுக்கும் கீழே சொல்லும் பிழைகள் பெரும்பாலும் இப்படியேதான் வரும்.

அறிகுறி: படம் முடிந்து கை சும்மா நிற்கிறது, குரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

என் முதல் ஸ்கிரிப்டில் 420 சொற்கள் இருந்தன. நிமிடத்துக்கு 150 சொற்கள் என்ற கணக்கை நம்பி, அது 2 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும் என்று எண்ணிப் படங்களுக்கு நேரம் பிரித்துவிட்டேன். பதிவு செய்தபோது குரல் நான்கு நிமிடங்களைத் தாண்டியது. அந்த 150 ஆங்கிலத்தில் பேசுபவர்களுக்கான கணக்கு. தமிழில் வேற்றுமை உருபும் சாரியையும் துணைவினையும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்துவிடுகின்றன. "விலைவாசியிலிருந்து" என்பதும் "வேண்டியிருக்கிறது" என்பதும் எண்ணிக்கையில் ஒவ்வொரு சொல்தான் என்றாலும், சொல்லி முடிக்கும்போது ஆங்கிலச் சொற்கள் இரண்டு மூன்றுக்கு ஆகும் நேரம் போய்விடுகிறது.

ஆகவே பிறர் சொல்லும் வேகத்தைக் கடன் வாங்க வேண்டாம். உங்கள் ஸ்கிரிப்டிலிருந்தே ஏதாவது ஒரு பகுதியை, யாருக்கோ எதிரே உட்கார்ந்து விளக்குவதுபோல உரக்கப் படித்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொற்கள் போகின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள். எனக்கு அது 98 வந்தது. மூன்று நிமிடத்தில் 20 நொடியை மௌனத்துக்கு ஒதுக்கினால் பேசக் கிடைப்பது 160 நொடி. அதற்குள் நான் சொல்லக்கூடியவை ஏறக்குறைய 260 சொற்கள். 420 சொற்களை 260 ஆக்குவது கடினமான வேலை என்பது உண்மை, ஆனால் வேகமாகப் படித்து அதை ஈடுகட்ட முயன்றால், முதல் முறையாக இந்தக் கருத்தைக் கேட்பவர் இரண்டாவது வாக்கியத்திலேயே பின்தங்கிவிடுவார்.

வேறொரு காரணமும் இருக்கிறது, அது எண்கள். குரல் பத்தியில் "11,024" என்று எழுதினால் சொல் எண்ணும் கருவி அதை ஒரு சொல்லாகக் கணக்கிடும். வாயோ "பதினோராயிரத்து இருபத்து நான்கு" என்று சொல்ல இரண்டரை நொடி எடுத்துக்கொள்ளும். பணவீக்கம் பற்றிய ஸ்கிரிப்டில் எண்கள் அடிக்கடி வருவதால் இந்தச் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிடுகின்றன. குரல் பத்தியில் எல்லா எண்களையும் எழுத்தால் எழுதுங்கள். இலக்கங்கள் படப் பத்தியில் மட்டும் இருக்கட்டும்.

இரண்டு காரணங்களில் எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குரலுக்கும் படத்துக்கும் இடையிலான இடைவெளி காணொளி முழுவதும் சீராக வளர்ந்துகொண்டே போனால் சொல்வேகக் கணக்கு தவறு. சில இடங்களில் மட்டும் திடீரென்று குதித்தால், அந்த இடங்களில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள்.

அறிகுறி: குரல் சொல்வதற்கு முன்பே படம் விடையைச் சொல்லிவிடுகிறது

இந்தப் பிழையைத் தமிழ் ஸ்கிரிப்டுகளில் மிக அதிகமாகக் காண்கிறேன். காட்சியைப் பார்த்தால் நேரங்கள் எல்லாம் சரியாக இருக்கும். வாக்கியம் தொடங்கும்போது கை வரையத் தொடங்குகிறது, முடியும்போது முடிகிறது. ஆனாலும் பார்ப்பவரின் கவனம் வாக்கியத்தின் நடுவிலேயே தளர்ந்துவிடுகிறது. ஏனென்றால் என்ன நடந்தது என்பது படத்தில் தெரிந்துவிட்ட பிறகு, குரல் அதைச் சொல்லி முடிப்பதற்காக அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் நிற்கிறது. ஏறியதா, இறங்கியதா, அப்படியே நின்றதா என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். பணவீக்கம் என்பதோ முழுக்க முழுக்க ஒரு மாற்றத்தைப் பற்றிய கருத்து. அதன் பொருள் வினையில்தான் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் கோடுகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறேன். கூடை, தரைக்கோடு, கடை, பெயர்ச்சீட்டு போன்ற, மாற்றத்துக்கு முன்பே இருக்கும் பொருள்களை வரையும் கோடுகளைச் சாரக்கோடு என்கிறேன். மாற்றத்தைக் காட்டும் கோட்டைப் பொருள்கோடு என்கிறேன். பெரும்பாலும் ஒரு காட்சிக்கு அது ஒன்றுதான் இருக்கும். வாக்கியத்தின் நீண்ட முன்பகுதி ஓடும்போது சாரக்கோடுகள் வரையப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். பொருள்கோடு மாற்றத்தின் அளவைச் சொல்லும் சொல்லோடு தொடங்கி, வினைமுற்றோடு முடிய வேண்டும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: "சென்ற ஆண்டு பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய அதே கூடையை வாங்க, இந்த ஆண்டு பத்தாயிரத்து அறுநூறு ரூபாய் தேவைப்படுகிறது." இது எனக்கு ஏறக்குறைய எட்டரை நொடி பிடிக்கிறது. முதல் திருத்தத்துக்கு முன் என் படப் பத்தியில் "0:00 – இரண்டு கூடைகளும் இரண்டு விலைகளும்" என்று மொத்தமாக ஒரே வரி இருந்தது. கை வேகமாக வரைந்து நான்காவது நொடியிலேயே 10,600 என்று எழுதிவிட்டது. குரல் அப்போது "அதே கூடையை" என்ற இடத்தில்தான் இருந்தது. திருத்திய பிறகு, முதல் மூன்று நொடியில் இடக்கூடையும் 10,000 என்ற எண்ணும் வருகின்றன. "அதே கூடையை" என்னும்போது வலக்கூடை தொடங்குகிறது, அதே அளவில், அதே பொருள்களோடு. "பத்தாயிரத்து" என்ற சொல் வந்த பிறகுதான் சிவப்பு மார்க்கர் தாளைத் தொடுகிறது. 10,600 எழுதி முடியும்போது "தேவைப்படுகிறது" முடிகிறது.

வலக்கூடையை இடக்கூடையின் அதே அளவில் வரைவதில் கவனம் தேவை. இரண்டாவதைச் சற்றுப் பெரிதாக வரைந்துவிட்டால், "அதிகப் பொருள் வாங்கினார்கள், அதனால் அதிகப் பணம்" என்று படம் சொல்லத் தொடங்கிவிடும். மெல்லிய பென்சிலால் முன்கூட்டியே வடிவத்தைக் குறித்துவைத்துக்கொண்டால் கைப்பேசிக் காட்சியில் அது தெரியாது.

சாரக்கோடுகள் வாக்கியத்தின் முன்பகுதிக்குள் முடியவில்லை என்றால் வேகத்தைக் கூட்டலாம், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. மூன்று மடங்கு வேகம் வரை கை கையாகத் தெரிகிறது. அதற்கு மேல் போனால் ஒரு நிழல் துடிப்பதுபோல் இருக்கிறது, கண் அதையே பார்க்கிறது. அந்த நிலை வந்தால் படத்தைத்தான் எளிமையாக்க வேண்டும்.

அறிகுறி: "மல்லி விலை ஏறுவதுதானே பணவீக்கம்?" என்று பார்த்தவர்கள் கேட்கிறார்கள்

மதுரையில் விலை என்ற பேச்சை எடுத்தால் மல்லிகைதான் முதலில் நினைவுக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்துக் குறைந்து, தை முகூர்த்தங்கள் சேர்ந்துகொள்ளும்போது மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கிலோ விலை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு ஏறுவதும், பங்குனி, சித்திரையில் செடிகள் பூத்துக் குலுங்கும்போது அது பல மடங்கு இறங்குவதும் இங்கே எல்லாருக்கும் தெரிந்தவை. அதனால் நானும் காணொளியை மல்லிகையில் தொடங்கினேன். பார்த்த பெண்கள் அந்தக் காட்சியை மிகவும் விரும்பினார்கள். அந்தக் காட்சியைத்தான் நினைவில் வைத்துக்கொண்டார்கள். பணவீக்கம் என்றால் என்ன என்று கேட்டபோது ஒரு அம்மா, "தை மாசம் பூ விலை ஏறுதே, அதுதான் தம்பி" என்றார். அவர் சொன்னதில் அவர் தவறு ஒன்றுமில்லை. என் படம் அவருக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

மல்லிகையின் விலை ஏற்றம், மற்றப் பொருள்களோடு ஒப்பிடும்போது ஒரு பொருளின் விலை மாறுவது. பணவீக்கமோ ஒரு குடும்பம் வாங்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய கூடையின் மொத்த விலை தொடர்ந்து ஏறுவது. இந்த வேறுபாட்டைக் குரலில் ஒரு வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தேன், பயனில்லை. படம் ஒன்று சொல்லும்போது குரல் வேறொன்று சொன்னால் படமே வெல்கிறது.

ஏன் அப்படி என்று நேரப் பத்தியைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மல்லிகைச் சரத்தை வரைய 14 நொடி எடுத்துக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு மொட்டும் தெளிவாகத் தெரியும்படி. அரிசி மூட்டைக்கு 3 நொடி. வீட்டு வாடகைக்கு ஒரு சாவி, 2 நொடி. கை எந்தப் பொருளில் நெடுநேரம் நிற்கிறதோ அதுவே முக்கியமானது என்று பார்ப்பவரின் கண் எடுத்துக்கொள்கிறது. குடும்பத்தின் செலவிலோ நிலைமை நேர் எதிரானது.

அரசு புள்ளியியல் அலுவலகம் நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கணக்கிடும்போது ஒவ்வொரு பொருள் வகைக்கும், மக்கள் அதில் செலவிடும் பங்குக்கு ஏற்ப ஒரு எடை தருகிறது. 2012ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்ட குறியீட்டு வரிசையில் உணவு, பானங்கள் வகைக்கு மட்டும் 45.86 விழுக்காடு எடை இருந்தது. இந்த எண்ணைக் காணொளியில் சொல்ல வேண்டியதில்லை. அதை உங்கள் நேரப் பத்தியில் பயன்படுத்துங்கள்: எடை அதிகமுள்ளதை நெடுநேரம், பெரிதாக வரையுங்கள். கூடையை வரைய 30 நொடி இருந்தால், நான் இப்போது மளிகைக்கு 13 நொடி, வாடகைக்கு 9 நொடி, காய்கறிக்கு 3 நொடி, பேருந்து, மருந்து, பள்ளிச் செலவுக்குச் சேர்த்து 4 நொடி, பூவுக்கு 1 நொடி ஒதுக்குகிறேன். பூ ஒரே ஒரு மொட்டு.

மல்லிகையைக் காணொளியை விட்டு எடுத்துவிட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கூடைக்குப் பின்னால் வந்தால் அது மிக நல்ல எடுத்துக்காட்டு. மாதம் 10,000 ரூபாய் செலவிடும் ஒரு குடும்பத்தில் பூவுக்கு 100 ரூபாய், காய்கறிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தை மாதத்தில் பூ இரட்டிப்பு விலையாகி 200 ரூபாய் ஆகிறது. அதே மாதத்தில் தக்காளியும் வெங்காயமும் மலிந்து காய்கறிச் செலவு 900 ரூபாய் ஆகிறது. கூடையின் அடியில் எழுதும் மொத்தம் மறுபடியும் 10,000 ரூபாய்தான். பூவின் மேல் ஒரு நீண்ட மேல்நோக்கிய அம்பு, காய்கறியின் மேல் ஒரு குட்டையான கீழ்நோக்கிய அம்பு, இரண்டையும் வரைந்த பிறகு கை மெதுவாகக் கீழே இறங்கி அதே 10,000 என்ற எண்ணை மறுபடி வட்டமிடுகிறது. இங்கே பொருள்கோடு அந்த வட்டம். அதை வேகப்படுத்தாமல் இயல்பான வேகத்திலேயே விட்டேன், நான்கு நொடி, குரல் இல்லாமல்.

அடுத்த ஆண்டுக் காட்சியில் மளிகை, வாடகை, காய்கறி, மற்றச் செலவுகள் எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பூ மட்டும் பழைய 100 ரூபாயில் நிற்க, மொத்தம் 10,600 ஆகிறது. தனித்தனி விலைகளைப் பலகையில் எழுத வேண்டாம். குட்டையான அம்புகள் போதும், எண் மொத்தத்துக்கு மட்டும். மல்லிகை ஏறாத ஆண்டில் பணவீக்கம் 6 விழுக்காடு, மல்லிகை இரட்டிப்பான மாதத்தில் கூடை அசையவில்லை என்ற இரண்டும் அடுத்தடுத்து வரும்போது, முன்பு குழம்பியவர்கள் தாங்களாகவே வேறுபாட்டைச் சொல்கிறார்கள்.

அறிகுறி: "பணவீக்கம் குறைந்தது" என்றதும் விலை இறங்கிவிட்டதாக நினைக்கிறார்கள்

பிழைகளில் இதுதான் மிகவும் பிடிவாதமானது, இதற்காகத்தான் என் மூன்றாவது திருத்தம் முழுவதும் செலவானது. காணொளி முடிந்ததும் நான் கேட்கும் கேள்வி இது: "பணவீக்கம் ஆறிலிருந்து நான்காகக் குறைந்தால், கூடையின் விலை ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா?" படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடு இல்லாமல் பெரும்பாலோர் இறங்கும் என்றார்கள்.

என் பழைய காட்சியில், பணவீக்க விகிதத்தையே ஒரு வரைபடமாகக் காட்டியிருந்தேன்: 6 என்ற புள்ளியிலிருந்து 4 என்ற புள்ளிக்கு ஒரு கோடு கீழே இறங்கியது. குரல் "குறைகிறது" என்கிறது, கோடு இறங்குகிறது, அதற்கு முந்தைய காட்சியில் பார்த்தது விலை. அப்படியிருக்க, இறங்குவது விலைதான் என்று எவரும் எடுத்துக்கொள்வார். விகிதம் என்பது மாற்றத்தின் அளவு. அதன் குறைவு என்பது மாற்றத்தில் ஏற்பட்ட மாற்றம். அதைத் தனியாக ஒரு கோடாக வரைந்தால் கண்ணுக்கு அது வெறும் இறக்கம்.

மேலூருக்குப் போகும் பேருந்து 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40க்குக் குறைந்தாலும் முன்னோக்கித்தான் போகிறது என்ற உவமையையும் வரைந்து பார்த்தேன். கணக்குப்படி அது பொருந்தும் உவமைதான். ஆனால் பேருந்து ஒரு ஊரைச் சென்றடைந்து நின்றுவிடும். விலை எங்கே போய் நிற்கும் என்ற புதுக் கேள்வியை அது கிளப்பியது. வேகம் என்பதையும் பலகையில் வரைந்து காட்ட முடியாது, எண்ணாக எழுதத்தான் முடியும்.

கடைசியில் படிக்கட்டு கைகொடுத்தது. கீழக்குயில்குடிச் சமணர் மலையில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறியவர்களுக்கு, ஒரு படி உயரமாகவும் அடுத்தது குட்டையாகவும் இருப்பது காலுக்கே தெரியும். குட்டையான படியில் கால் வைத்தாலும் நாம் மேலேதான் போகிறோம். படியின் உயரம் பணவீக்கம், நாம் நிற்கும் இடம் விலை. இரண்டும் ஒரே படத்தில், ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாமல் இருக்கின்றன என்பதுதான் இந்தப் படத்தின் பலம்.

10,000 ரூபாய்க் கூடை முதல் ஆண்டு 6 விழுக்காடு ஏறினால் 10,600. அடுத்த ஆண்டு 4 விழுக்காடு என்பது 10,600இன் மீது. அது 424 ரூபாய், மொத்தம் 11,024. ஒரு செ.மீ.க்கு 100 ரூபாய் என்ற அளவில் முதல் படி 6 செ.மீ., இரண்டாவது 4.2 செ.மீ. உயரம். கண்ணளவில் வரைந்துவிடாதீர்கள், இரண்டாவது படியைப் பாதியாகச் சிறுத்து வரைந்துவிட்டால் பணவீக்கம் 3 ஆகிவிட்டதாகப் படம் சொல்லும். இந்த அளவில் தரையிலிருந்து 10,000 ரூபாயைக் காட்ட ஒரு மீட்டர் தாள் வேண்டும் என்பதால், தரைக்கோட்டுக்குக் கீழே ஒரு சிறிய நெளிகோட்டை வரைந்து, கீழே இன்னும் இருக்கிறது என்று காட்டிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால், கூடையின் விலை ஒன்றுமில்லாததிலிருந்து வானத்துக்கு ஏறியதுபோல் தோன்றும்.

திருத்திய ஐம்பது நொடிக் காட்சி இது:

0:00–0:07
குரல்: இது ஒரு குடும்பத்தின் ஒரு மாதக் கூடை, சென்ற ஆண்டு இதன் விலை பத்தாயிரம் ரூபாய்.
படம்: தரைக்கோடு, நெளிகோடு, அதன்மேல் சிறு கூடை, பக்கத்தில் 10,000.

0:07–0:15
குரல்: இந்த ஆண்டு அதே கூடையை வாங்க அறுநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.
படம்: "அறுநூறு" என்னும்போது 6 செ.மீ. செங்குத்துக் கோடு தொடங்கி, வாக்கியத்தோடு முடிகிறது.

0:15–0:20
குரல்: மௌனம்.
படம்: மேற்பரப்பு, அதன்மேல் அதே கூடை, பக்கத்தில் 10,600.

0:20–0:25
குரல்: அடுத்த ஆண்டு பணவீக்கம் ஆறு விழுக்காட்டிலிருந்து நான்கு விழுக்காடாகக் குறைகிறது.
படம்: எதுவும் வரையப்படுவதில்லை. மார்க்கர் படியின் விளிம்பில் நிற்கிறது.

0:25–0:28
குரல்: மௌனம்.
படம்: மார்க்கர் அங்கேயே நிற்கிறது.

0:28–0:36
குரல்: கூடையின் விலை இறங்கவில்லை, முன்பைவிடச் சிறிய படியாக, நானூற்று இருபத்து நான்கு ரூபாய் ஏறியது.
படம்: "நானூற்று" என்னும்போது 4.2 செ.மீ. கோடு மேல்நோக்கித் தொடங்குகிறது. "ஏறியது" என்பதோடு முடிகிறது.

0:36–0:40
குரல்: மௌனம்.
படம்: மேற்பரப்பு, கூடை, 11,024.

0:40–0:50
குரல்: குறைந்தது படியின் உயரம். நாம் நிற்கும் உயரம் குறையவில்லை.
படம்: முதல் வாக்கியத்தில் சிவப்பு மார்க்கர் இரண்டு செங்குத்துக் கோடுகளின் மேல் மட்டும் ஓடுகிறது. இரண்டாவதில் மேல்படியில் ஒரு சிறு மனித உருவம்.

இதில் 0:25 முதல் 0:28 வரையிலான மூன்று நொடிகளைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். காட்சியைத் தொகுக்கும் நண்பர் அதை வெறும் நேரம் என்று நினைத்து நீக்கிவிட்டார், அந்தப் பதிப்பைக் காட்டியபோது பழைய தவறான விடை மறுபடி வந்தது. மார்க்கர் விளிம்பில் நிற்கும்போது, கோடு இனிக் கீழே போகும் என்று பார்ப்பவர் மனத்தில் ஒரு முடிவு எடுத்துக்கொள்கிறார். அந்த முடிவை எடுத்த பிறகு கோடு மேலே போனால்தான் தன் எண்ணம் தவறு என்பது அவருக்கே தெரிகிறது. மூன்று நொடிக்குக் குறைந்தால் முடிவெடுக்க நேரமில்லை. ஐந்து நொடியைத் தாண்டினால் காணொளி நின்றுவிட்டது என்று கைப்பேசியைத் தொடுகிறார்கள்.

இந்தக் காட்சிக்குப் பிறகு எழும் இயல்பான கேள்வி, "ஏன் படியே இல்லாமல் செய்யக்கூடாது?" என்பது. இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தில் 2016இல் செய்த திருத்தத்தின்படி அரசு பணவீக்க இலக்கை நிர்ணயிக்கிறது. அவ்வாறு நிர்ணயித்த இலக்கு 4 விழுக்காடு, அதற்கு மேலும் கீழும் 2 விழுக்காடு வரை இடம் உண்டு. அதாவது குட்டையான, சீரான படிகளைத்தான் நோக்கமாக வைத்திருக்கிறார்கள். படியே இல்லாத தரையை அல்ல. இதைச் சொல்ல விரும்பினால் தனிக் காணொளியாகச் செய்யுங்கள். என் படிக்கட்டுக் காட்சியின் வாலாக இதைச் சேர்த்தபோது, சிவப்புக் கோடுகள் நிலைக்கும் முன்பே புதுக் கருத்து வந்து அவற்றை அழித்துவிட்டது.

அறிகுறி: திரையில் தமிழ் எழுத்துகள் கலைந்து வருகின்றன

இது மென்பொருளில் வரைபவர்களுக்கு மட்டும். "கொ", "கூடை" போன்றவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்பது, அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து அமைக்கத் தெரியாததால் வருவது. எழுத்துருவை மாற்றினால் தீராது. சொல்லை இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, `Path > Object to Path` கொடுத்து வடிவமாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகச் சேமித்து, படமாக உள்ளே கொண்டுவாருங்கள். அப்போது கை எழுதுவதுபோல் இல்லாமல் எழுத்தின் வெளிக்கோட்டைச் சுற்றி வரும். அது கண்ணை உறுத்துவதால், நான் பலகையில் சொற்களை மூன்று நான்குக்கு மேல் வைப்பதில்லை; அவற்றையும் கையால் எழுதிப் படம்பிடித்துச் சேர்க்கிறேன்.

அறிகுறி: இரண்டு மாதம் கழித்துக் காட்டும்போது "இந்த எண் இப்போது இல்லையே" என்கிறார்கள்

நுகர்வோர் விலைக் குறியீட்டின் புது எண் ஒவ்வொரு மாதமும் 12ஆம் தேதியை ஒட்டி வெளியாகிறது. அதைப் படிக்கட்டில் வரைந்துவிட்டால் ஒரு மாதத்தில் காணொளி பழையதாகிவிடும், திருத்துவதென்றால் முழுக் காட்சியையும் மறுபடி வரைய வேண்டும். வரைந்த எண்கள் 10,000, 10,600, 11,024 போன்ற எடுத்துக்காட்டு எண்களாகவே இருக்கட்டும்; அவை எடுத்துக்காட்டுதான் என்று குரல் ஒரு முறை சொல்லிவிடட்டும். நடப்பு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், காணொளி முடிந்த பிறகு தனியாக ஒட்டக்கூடிய எட்டு நொடி இணைப்பாக, எந்த மாதத்தின் எண் என்ற குறிப்போடு, வேறு தாளில் எழுதிப் படம்பிடியுங்கள். குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த ஒரு தாளை மட்டும் மாற்றினால் போதும்.